கொதிக்கவைத்த கோப்பியும் கொலஸ்ட்ரோலும்: திருகோணமலை வீடுகளின் அனுபவம்

உப்புவெளி மகள்
அம்மாவுக்கு வயது 67. கேத்தலில் தண்ணீர் கொதித்ததும் கோப்பித்தூளைக் கொட்டி, ஒரு கொதி விட்டு இறக்கி, மண்டி அடங்கிய பிறகு மேலாக ஊற்றிக் குடிப்பார். நாளுக்கு ஐந்து கோப்பை. மொத்தக் கொலஸ்ட்ரோல் 248 என்று வந்தது. வைத்தியர் தேங்காய்ப்பால், பொரியல், முட்டை எல்லாம் விசாரித்தார். கோப்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வடிக்காத கோப்பியும் கொலஸ்ட்ரோலை ஏற்றும் என்று தோழி சொல்கிறாள். யாராவது மாற்றிப் பார்த்தீர்களா?

சாம்பல்தீவு ரவி
எல்லாம் கஃபீன் செய்யும் வேலை. கஃபீன் நீக்கிய தூளை வாங்கிக் கொடுங்கள், சரியாகிவிடும். நான் அப்படித்தான் மாறினேன், நித்திரையும் நன்றாக வருகிறது.

ஆய்வுகூடத்து மாமா
தம்பி, நித்திரைக்கு அது சரி. கொலஸ்ட்ரோலுக்குக் கஃபீன் பொறுப்பில்லை. கோப்பிக்கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டோல் என்ற பொருள் இருக்கிறது, குற்றவாளி அதுதான். ஈரல் கொலஸ்ட்ரோலைப் பித்த அமிலமாக மாற்றிக் கழிக்கும் வேலையை அது மந்தப்படுத்துகிறது. கழியாதது இரத்தத்தில் தங்குகிறது. கஃபீனை நீக்கினாலும் கஃபெஸ்டோல் பெரும்பாலும் தூளிலேயே இருக்கும்.

நோர்வேயின் துரோம்சோ நகரில் கோப்பி அதிகம் குடித்தவர்களுக்குக் கொலஸ்ட்ரோல் கூடியிருந்ததை 1983இல் கண்டார்கள். அங்கேயும் உங்கள் அம்மாவைப் போலத் தூளைக் கொதிக்கவைத்துத்தான் குடித்தார்கள், மகள். பிறகு 1991இல் ஒல்லாந்தில் ஓர் அழகான பரிசோதனை நடந்தது. ஒரு குழுவுக்குக் கொதிக்கவைத்த கோப்பி. இன்னொரு குழுவுக்கு அதே கோப்பி, ஆனால் காகித வடியில் ஊற்றி வடித்தது. முதல் குழுவுக்கு மட்டுமே கொலஸ்ட்ரோல் ஏறியது. ஆகவே அம்மா கோப்பி போடும் முறையை மாற்ற வேண்டியதில்லை. கேத்தலிலிருந்து காகிதத்தின் வழியாக ஊற்றினால் போதும்.

தம்பலகாமம் அக்கா
எங்கள் வீட்டில் தேநீர் வடியால்தான் கோப்பியை வடிக்கிறோம். அது போதாதா? தேநீரையும் இனிக் காகிதத்தில் வடிக்க வேண்டுமா? எனக்கு பிரஷர் வேறு இருக்கிறது.

ஆய்வுகூடத்து மாமா
தேயிலையில் கஃபெஸ்டோல் இல்லை, தங்கச்சி. தேநீரைப் பழையபடியே குடியுங்கள். பிரஷர் வேறு கதை, அதை வைத்தியரிடம் கேளுங்கள். கம்பி வடி பெரிய மண்டியை மட்டும்தான் பிடிக்கும். எண்ணெய்த்துளியும் மாவு போன்ற நுண்தூளும் அதற்குள்ளால் போய்விடும். கோப்பையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: மேலே மினுமினுக்கும் படலமும் அடியில் சேறும் தெரிந்தால் கோப்பி வடிபடவில்லை.

உப்புவெளி மகள்
கூம்புக் காகிதம் வாங்கினேன். முதல் நாள் காகிதம் மடிந்து விழுந்து, ஓரத்தால் மண்டியெல்லாம் கோப்பைக்குள் போய்விட்டது. இப்போது காகிதத்தைத் தேநீர் வடிக்குள் வைத்து, வெந்நீரால் நனைத்து ஒட்டவைத்த பிறகு, மெதுவாக ஊற்றுகிறேன். "வெறும் தண்ணீர் மாதிரி இருக்கிறது" என்று அம்மா முகம் சுளித்தார். தூளைச் சற்றுக் கூட்டியதும் சமாதானமாகிவிட்டார்.

சில வாரங்கள் கழித்துப் பரிசோதித்தோம்: 227. 21 குறைந்திருக்கிறது!

ஆய்வுகூடத்து மாமா
சந்தோஷம். ஆனால் முழுப் புகழையும் காகிதத்துக்குக் கொடுக்காதீர்கள். நாளுக்குப் பத்து மில்லிகிராம் கஃபெஸ்டோல் குடித்தால் கொலஸ்ட்ரோல் ஏறத்தாழ ஐந்து புள்ளி கூடும். கொதிக்கவைத்த ஒரு கோப்பையில் மூன்று நான்கு மில்லிகிராம் என்று வைத்தால், அம்மாவின் ஐந்து கோப்பைக்குப் பதினைந்து முதல் இருபது. அப்படியானால் காகிதத்தால் எட்டு, பத்துப் புள்ளி குறையும் என்று எதிர்பார்க்கலாம். மிச்சம் ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் இடையில் இயல்பாக வரும் ஏற்ற இறக்கமாக இருக்கலாம். இதற்கிடையில் சாப்பாட்டில் ஏதாவது மாற்றினீர்களா?

உப்புவெளி மகள்
இரவுச் சொதியை நிறுத்தியிருந்தோம், மாமா. மருந்து எதுவும் இல்லை.

ஆய்வுகூடத்து மாமா
அப்படியானால் சொதிக்கும் பங்கு உண்டு. மருந்து எழுதித்தந்தால் காகிதத்தை நம்பி அதைத் தவிர்க்க வேண்டாம்.

சாம்பல்தீவு ரவி
எண் குறைவது இருக்கட்டும். மாரடைப்பு குறையுமா?

ஆய்வுகூடத்து மாமா
நல்ல கேள்வி. நோர்வேயில் ஐந்து இலட்சம் பேரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. வடித்த கோப்பி குடித்தவர்களிடையே இறப்பு, வடிக்காததைக் குடித்தவர்களைவிடக் குறைவு. ஆனால் காகிதம் பாவித்தவர்கள் வேறு விடயங்களிலும் கவனமாக இருந்திருக்கலாம். காகிதத்தால் மட்டும்தான் என்று அதை வைத்து நிரூபிக்க முடியாது.

கிண்ணியா கடைக்காரர்
எங்கள் கடையில் துணிப்பையில்தான் வடிக்கிறோம். தூளில் வறுத்த மல்லியும் வேர்க்கொம்பும் சேர்ந்திருக்கிறது. எங்களுக்கும் காகிதம் வேண்டுமா?

ஆய்வுகூடத்து மாமா
மல்லி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு கோப்பி குறைகிறது. அந்த அளவுக்கு நல்லது. சிங்கப்பூரின் துணிப்பைக் கோப்பியைச் சோதித்தபோது கஃபெஸ்டோல் குறைவாகவே இருந்தது. ஆனால் துணியின் தடிப்பு, நெசவு எல்லாம் கடைக்குக் கடை மாறும். மினுமினுப்பைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கிண்ணியா கடைக்காரர்
பார்த்தேன், ஐயா. புதுப்பையில் இல்லை. பழைய பையில் கொஞ்சம் மினுங்குகிறது.