இரண்டு முறை மெயில் போட்டும் பதில் இல்லை. டில்லிக்கு எழுதலாமா?

காவிரிக்கரையான்:
பொதுத்துறை வங்கி ஒன்றின் சின்னக் கிளையில் அதிகாரியாக இருக்கிறேன். பெட்டகத்தின் ஒரு சாவி என்னிடம், இன்னொன்று மேலாளரிடம். எட்டு மாதத்துக்கு முன் அடகு வைத்த நகைப் பொட்டலம் ஒன்றில் அரக்கு மட்டும் நேற்று வைத்ததுபோல் பளபளத்தது. மேலாளர் விடுப்பில் போன நாளில் பொறுப்பில் இருந்தவரோடு சேர்ந்து பிரித்தேன். நாலு வளையல். உரைகல்லில் உரசி அமிலம் ஒரு சொட்டு விட்டதும் கோடு அப்படியே மறைந்துவிட்டது, தங்கமே இல்லை. கூட இருந்தவர் "நமக்கெதுக்கு வம்பு" என்று பொட்டலத்தைக் கட்டினார். இந்த நகையை மதிப்பிட்ட அதே மதிப்பீட்டாளர் கையெழுத்துப் போட்ட, ஒரே நாளில் மூடித் திரும்பத் திறந்த நகைக்கடன் கணக்குகள் இன்னும் பதினொன்று இருக்கின்றன. மண்டல அலுவலகத்துக்கு இரண்டு மெயில் போட்டு ஐந்து மாதம் ஆகிறது, பதில் இல்லை. மத்திய விஜிலன்ஸ் கமிஷனுக்கு எழுதலாமா? எழுதினால் எனக்கு என்ன ஆகும்?

பெட்ரோமாக்ஸ்:
பெயர் போடாமல் மொட்டைக் கடுதாசி போடுங்கள் சார். பக்கத்து மாவட்டத் தபால் பெட்டியில் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

பழைய கல்லாப்பெட்டி:
முப்பது வருஷம் வங்கியில் இருந்தவன், கடைசி ஆறு வருஷம் விஜிலன்ஸ் பிரிவில். மொட்டைக் கடுதாசி மேல் கமிஷன் நடவடிக்கை எடுக்காது, அது கோப்பில் தூங்கும். பெயரைச் சொல்லியே மறைந்திருக்க வழி உண்டு. முறைகேட்டைப் பற்றித் தகவல் கொடுப்பவரைப் பாதுகாக்க 2004-இல் மத்திய அரசு கொண்டுவந்த பி.ஐ.டி.பி.ஐ. தீர்மானம் அதற்குத்தான்.

கடிதத்தை உறையில் போட்டு நன்றாக ஒட்டி, மேலே ஆங்கிலத்தில் பி.ஐ.டி.பி.ஐ. புகார் என்று பெரிதாக எழுத வேண்டும். டில்லி சதர்க்தா பவனில் இருக்கும் கமிஷன் செயலர் பெயருக்கு அனுப்ப வேண்டும். உறைமேல் உங்கள் பெயரோ முகவரியோ இருக்கக் கூடாது. அவை உள்ளே, கடிதத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ, இல்லையென்றால் தனித் தாளிலோ இருக்கட்டும். தபால் கவுன்டரில் அனுப்புநர் பெயர் கேட்டால் பி.ஐ.டி.பி.ஐ. என்று சொல்லுங்கள், அதற்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று தபால் துறையே உத்தரவு போட்டிருக்கிறது. மெயிலில் அனுப்பினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

பலர் கோட்டை விடுவது கடிதத்தின் உடலில்தான். "என் சாவியோடு சேர்ந்து நான் திறந்தபோது" என்று எழுதினால் கமிஷன் உங்கள் பெயரை மறைத்தும் பயனில்லை. பொட்டல எண், எடை, கடன் தேதி, மூடித் திறந்த தேதி, இவை போதும். யார் பார்த்தார் என்பது வேண்டாம்.

சங்கத்துக்காரன்:
அண்ணன் சொல்வது தாளில் சரி, கிளையில் நடக்காது. பதினாறு பேர் வேலை பார்க்கிற இடத்தில் நகைப் பொட்டல எண்களோடு கடிதம் போனால் யார் எழுதியது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் போதும். கோர் பேங்கிங்கில் யார் எந்தக் கணக்கைத் திறந்து பார்த்தார் என்று நேரத்தோடு பதிவாகிறது. தம்பி அந்தப் பதினொரு கணக்கையும் தன் ஐடியில் பார்த்திருப்பார். ஆதாரம் என்று அதையெல்லாம் போனில் படம் எடுத்திருந்தால் இன்னும் மோசம். வாடிக்கையாளர் ரகசியத்தை வெளியே கொண்டு போனார் என்று முதல் சார்ஜ் ஷீட் அவருக்குத்தான் வரும், மோசடிக்காரனுக்கு இல்லை. எங்கள் வட்டாரத்தில் ஒரு பையனுக்கு இது நடந்தது.

பழைய கல்லாப்பெட்டி:
படம் விஷயத்தில் சங்கத்துக்காரர் சொல்வது நூற்றுக்கு நூறு. நகல் வேண்டாம், எண்கள் போதும். விசாரணை அதிகாரிக்கு எண் கிடைத்தால் மூலத்தை வங்கியிடமிருந்தே எடுத்துக்கொள்வார். ஆனால் அதற்காக எழுதவே கூடாது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பதினொரு பொட்டலமும் இரட்டைச் சாவி. நாளை வேறு யாராவது கண்டுபிடித்தால் இவரும் கூட்டுக் காவலர். "தெரிந்தும் சும்மா இருந்தார்" என்பதைவிட "தெரிந்ததும் எழுதினார்" என்பது விசாரணையில் எவ்வளவோ மேல். சாவி வைத்த மாதங்களில் தான் எதில் கையெழுத்துப் போட்டார் என்று இப்போதே தேதிவாரியாக எழுதி வைக்கட்டும். தன் தவறு ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துத்தான்.

மல்லிகா_சென்னை:
நான் தனியார் வங்கியில் இருக்கிறேன். எனக்கும் இதே கதை, போன வருஷம் பொன் சேமிப்புத் திட்டத்தில்... நானும் இந்த உறையை அனுப்பலாமா?

பழைய கல்லாப்பெட்டி:
முடியாதம்மா. கமிஷன் கை மத்திய அரசு, பொதுத்துறை நிறுவனம், பொதுத்துறை வங்கி வரைதான் எட்டும். தனியார், வெளிநாட்டு வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2007-இல் தனித் திட்டம் வைத்தது, அங்கே எழுத வேண்டும்.

காவிரிக்கரையான்:
படம் எடுக்கவில்லை. ஆனால் சார், ஒரு இடம் உறுத்துகிறது. மண்டலத்துக்கு என் பெயரில் ஏற்கெனவே மெயில் போட்டிருக்கிறேனே?

பழைய கல்லாப்பெட்டி:
இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் நான். கடிதம் போனதும் கமிஷன் உங்கள் வீட்டு முகவரிக்கு எழுதி, புகார் உங்களுடையதுதானா என்று கேட்கும். கூடவே, இதே குற்றச்சாட்டை வேறு எந்த அதிகாரியிடமும் கொடுக்கவில்லை என்று சான்று கேட்கும். நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். பொய்ச் சான்று எழுதாதீர்கள், அது தனிக் குற்றம். உள்ளே போட்ட மெயில் "வேறு அதிகாரி" ஆகுமா என்பதில் நான் இரண்டு விதமாகவும் பார்த்திருக்கிறேன்.

சங்கத்துக்காரன்:
பார்த்தீர்களா. அதனால்தான் சொல்கிறேன், பெயர் ஏற்கெனவே வெளியே போய்விட்டது. ரகசியத்தைக் காப்பாற்ற முயல்வதைவிட வெளிப்படையாகக் கமிஷனுக்குச் சாதாரணப் புகார் கொடுங்கள், இரண்டு மெயிலையும் இணையுங்கள். பெயர் தெரியும், ஆனால் பழிவாங்கியதற்குக் காலவரிசை உங்கள் பக்கம் இருக்கும். மெயில் தேதி, புகார் தேதி, மாறுதல் உத்தரவுத் தேதி மூன்றும் ஒரே தாளில்.

பெட்ரோமாக்ஸ்:
பத்திரிகைக்குக் கொடுத்தால்?

சங்கத்துக்காரன்:
நடத்தை விதி மீறல், நேரே சஸ்பெண்ட். தேவையா?

வயல்வெளி:
சத்யேந்திர துபே கதையை மறக்காதீர்கள். தங்க நாற்கரச் சாலைப் பணியில் முறைகேடு என்று பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர். பெயரை மறையுங்கள் என்று கடிதத்திலேயே கேட்டார், ஆனாலும் அது மேசை மேசையாகப் போனது. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொன்றார்கள். வழிப்பறி என்றது சி.பி.ஐ. அது எப்படியோ, இந்த உறை முறை பிறந்ததே அந்தச் சாவுக்குப் பிறகுதான்.

பழைய கல்லாப்பெட்டி:
அவரைப் பயமுறுத்தாதீர்கள். இங்கே வரப்போவது துப்பாக்கி இல்லை, மாறுதல் உத்தரவு. அதற்குத் தயாராகலாம். உங்கள் வேலையைப் பற்றிய கடந்த மூன்று ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகளை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நாளை தரம் குறைத்தால் ஒப்பிட வேண்டும். இனி மேலாளரிடம் வாயால் உத்தரவு வாங்காதீர்கள், "நீங்கள் சொன்னபடி" என்று மெயில் போடுங்கள். சஸ்பெண்ட் ஆனால் முழுச் சம்பளம் வராது, பிழைப்புப் படிதான். ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இருக்கிறதா என்று மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அவருக்குத் தெரியாமல் இதைச் செய்யாதீர்கள்.

பழிவாங்கினால் கமிஷனுக்கே எழுதிப் பாதுகாப்புக் கேட்கலாம். வங்கிக்கு உத்தரவிட அவர்களால் முடியும். எவ்வளவு சீக்கிரம் வரும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

காவிரிக்கரையான்:
அவளிடம் நேற்றே சொல்லிவிட்டேன். "அரக்கைப் பார்த்த கண்ணை என்ன செய்வது" என்றாள். சாதாரணப் புகாரா உறையா என்று திங்கள்வரை யோசிக்கிறேன். மேலாளர் பெட்டகம் திறக்கும் நேரத்தை மாற்றிவிட்டார், இன்று காலை கவனித்தேன்.

சங்கத்துக்காரன்:
அப்படியானால் திங்கள்வரை காத்திருக்க வேண்டாம் தம்பி. அந்த நேர மாற்றத்தையும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.