கோவையில் நிற்கிறது, கோத்தகிரியில் கத்துகிறது: காது இரைச்சலுக்கு என்ன செய்வது?

கோத்தகிரிக்காரன்:
வயது 47. டீ ஃபேக்டரியில் ரோலர் பக்கம் 19 வருட வேலை. ஐந்து மாதமாக இடது காதில் சில்வண்டு கத்துவது போல ஒரு சத்தம். பகலில் அவ்வளவாகத் தெரிவதில்லை. இரவு குல்லா போட்டுப் படுத்ததும் ஆரம்பித்து, இரண்டு மணி வரை தூங்கவிடாது. போன வாரம் கோவையில் தங்கை வீட்டில் இரண்டு இரவு நன்றாகத் தூங்கினேன். மலைக்குத் திரும்பிய அன்றே மறுபடியும் வந்துவிட்டது. குளிர்தான் காரணமா? கீழேயே குடி போய்விடலாமா?

மேட்டுப்பாளையம் டிரைவர்:
அண்ணே, அது காத்தழுத்தம். தினமும் மலை ஏறி இறங்குகிறேன், பர்லியார் தாண்டும்போது எனக்கும் காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் 'டப்'பென்று விடும். பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ரெண்டு சொட்டு விடுங்கள், சரியாகிவிடும்.

குன்னூர் அக்கா:
இருபது வருடம் காது பரிசோதனை அறையில் வேலை பார்த்தவள் நான். தம்பி, எண்ணெய் வேண்டாம். காதழுக்கு இறுகி அடைத்திருந்தாலும் இரைச்சல் வரும், எண்ணெய் அதை இளக்கும், அதுவரை டிரைவர் தம்பி சொல்வது சரிதான். ஆனால் செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும். பார்க்காமல் எதுவும் விடக்கூடாது. ரோட்டில் வரும் அடைப்பும் இறங்கியதும் போய்விடும், ஐந்து மாதம் நிற்காது.
கோத்தகிரித் தம்பி, ஒன்று சொல்லுங்கள். தங்கை வீட்டில் இரவு ஃபேன் ஓடியதா?

கோத்தகிரிக்காரன்:
ஓடியது அக்கா, விடிய விடிய. எங்கள் வீட்டில் ஃபேனே கிடையாது.

குன்னூர் அக்கா:
அதுதான் விஷயம். கோவையில் சத்தம் நிற்கவில்லை, ஃபேன் சத்தத்தில் கலந்துவிட்டது. நம் ஊரில் பத்து மணிக்கு மேல் ஈ காக்கை சத்தம் இல்லை. வெளியிலிருந்து ஒன்றும் வராதபோது மூளை உள்ளே இருப்பதைத்தான் கூட்டிக் கேட்கும். குல்லாவைக் காது மூட இழுத்துவிட்டால் இன்னும் மோசம்.
குடி மாற வேண்டாம், அறைக்குள் கொஞ்சம் சத்தத்தைக் கொண்டு வாருங்கள். ஒரு டேபிள் ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி ஓட விடுங்கள், காற்று மேலே படாது. போனில் மழைச் சத்தம் போட்டு அலமாரியில் வைத்தாலும் சரி. இரைச்சல் முழுக்க மூழ்கிப்போகும் அளவுக்கு வைக்காதீர்கள். மழையும் கேட்க வேண்டும், சில்வண்டும் அடியில் லேசாகக் கேட்க வேண்டும். அப்போதுதான் 'இது கவனிக்க வேண்டிய சத்தம் இல்லை' என்று மூளை மெல்ல விடும். அதற்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும்.
அப்புறம், தூக்கம் வராமல் படுத்துக்கொண்டு 'இன்னும் இருக்கிறதா' என்று காது கொடுத்துப் பார்க்காதீர்கள். இருபது நிமிடம் போலப் புரண்டால் எழுந்து அடுப்படியில் உட்காருங்கள், கண் சொக்கியதும் வந்து படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் அதே நேரத்தில் எழுந்துவிட வேண்டும்.

ஊட்டி மருமகள்:
என் மாமியாருக்கு 70 வயது. காதுக்குள் நாடி துடிப்பது போல 'டுக் டுக்' என்கிறாராம். இதற்கும் ஃபேன் போடலாமா அக்கா?

குன்னூர் அக்கா:
அது வேறம்மா. நாடியோடு சேர்ந்து துடித்தால் ரத்தக்குழாய், ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்க வேண்டும். இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.
கோத்தகிரித் தம்பி, எனக்கு உறுத்துவது உங்கள் 'இடது காதில்' என்ற வார்த்தை. மிஷின் சத்தத்தால் வருவது பெரும்பாலும் இரண்டு காதிலும் இருக்கும். போனை ஒரே அளவு சத்தத்தில் வைத்து இரண்டு காதிலும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள்.

கோத்தகிரிக்காரன்:
இப்போதுதான் தங்கையிடம் பேசிப் பார்த்தேன். வலதில் தெளிவாக இருக்கிறது. இடதில் குரல் கேட்கிறது, 'பதினாறா, பதினேழா' என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் ரோலர் எனக்கு இடது பக்கம்தான் இருக்கும், அதனால் இருக்கலாமே?

குன்னூர் அக்கா:
இருக்கலாம். ஆனால் அதை நாமே முடிவு கட்டக்கூடாது. காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள், ஆடியோகிராம் எடுப்பார்கள். இரண்டு காதுக்கும் நடுவே வித்தியாசம் நன்றாகத் தெரிந்தால் எம்.ஆர்.ஐ. கேட்பார்கள், பயப்படாதீர்கள். கேட்கும் நரம்பின் மேல் சிறு கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்கத்தான். அபூர்வம், ஆனாலும் பார்த்துவிட வேண்டும்.
இதற்கு நடுவில் ஒரு நாள் காலை எழும்போது அந்தக் காது திடீரென்று கேட்காமல் போனால், சளி என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். அன்றே கிளம்புங்கள். ஸ்டீராய்டு மருந்து முதல் சில நாட்களில் கொடுத்தால்தான் பலன் அதிகம். இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.
வேலையில் இரண்டு காதுக்கும் அடைப்பான் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள்.

மேட்டுப்பாளையம் டிரைவர்:
அக்கா, பூண்டு எண்ணெயில் எனக்குச் சரியானது, அதுவும் உண்மைதானே.

கோத்தகிரிக்காரன்:
நேற்று மழைச் சத்தம் போட்டேன். ஒரு மணிக்குத் தூக்கம் வந்தது. வியாழக்கிழமை ஷிப்ட் மாற்றிக்கொண்டு டாக்டரிடம் போகிறேன். ஆடியோகிராம் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.