வெள்ளிக்கிழமை அல்பம், செவ்வாய் விடியச் சனல் இல்லை

கொக்குவில் ஸ்ரூடியோ

எங்கட ஸ்ரூடியோவுக்கு வாற தம்பி ஒருத்தனுக்கு நடந்ததை அவனிட்டக் கேட்டுப்போட்டுத்தான் எழுதுறன். இணுவில் பெடியன், 22 வயசு. அப்பப்பா தவில்காரர், இவன் கிற்றார். ரெண்டையும் சேர்த்து ஆறு பாட்டு, ரெண்டு வருசமா எங்களிட்டத்தான் பதிஞ்சவன். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஏழு மணிக்கு முதல் பாட்டின்ர வீடியோ யூரியூப்பில வாறதா இருந்தது. சனலில பதினோராயிரம் பேருக்கு மேல இருந்தவை. காசு குடுத்துச் சேர்த்த ஆக்கள் இல்லை, ஒவ்வொரு பாட்டாப் போட்டுச் சேர்ந்த சனம்.

திங்கட்கிழமை பின்னேரம் ஈமெயில் ஒண்டு வந்தது. ஒலி எடிற் பண்ணுற மென்பொருள் விக்கிற கொம்பனியாம். வீடியோவின்ர தொடக்கத்தில அரை நிமிசம் தங்களைப் பற்றிச் சொன்னால் 400 டொலராம். ஒப்பந்தத்தை சிப் ஃபைலா அனுப்பியிருந்தினம், அதைத் திறக்கிற பாஸ்வேர்ட் ஈமெயிலிலேயே கிடந்தது. அவன் அதை ஸ்ரூடியோ கொம்பியூட்டரில இறக்கித் திறந்தான். ஒண்டும் நடக்கேல்லை. "அண்ணை, திறக்குதில்லை" எண்டான். ஃபைல் பழுதாக்கும், நாளைக்குத் திருப்பி அனுப்பச் சொல்லு எண்டு சொன்னது நான்தான்.

விடியப்புறம் மூண்டு மணிக்குக் கிட்ட சனலின்ர பேரும் படமும் மாறியிட்டுது. தாய் காலமை தேத்தண்ணி வைக்கேக்க மகன்ர பாட்டுப் போடுறவா. போட்டால் ஆரோ வெள்ளைக்காரன் டிஜிற்றல் நாணயத்தைப் பற்றி லைவில கதைச்சுக்கொண்டிருக்கிறான். எட்டு மணிக்கு அதுவும் இல்லை, விதிமீறலுக்காக மூடப்பட்டது எண்ட அறிவிப்பு மட்டும் நிண்டது. கூகுள் கணக்குக்குள்ளயும் போகேலாது. பாஸ்வேர்ட், மீட்பு நம்பர், ரெண்டாவது பூட்டு, எல்லாத்தையும் மாத்திப்போட்டாங்கள்.

பிறகு நடந்ததைக் கீழ எழுதுறன். முதல்ல வேற ஆருக்கும் இப்பிடி நடந்திருந்தால் சொல்லுங்கோ.

சுன்னாகம் வாசகன்

ரெண்டாவது பூட்டுப் போடாமல் விட்டதுதான் பிழை. போனுக்குக் கோட் வாற மாதிரி வச்சிருந்தால் ஒருத்தனும் உள்ளுக்கு வந்திருக்கேலாது. இப்ப உடன புதுச் சனல் ஒண்டு திறந்து வெள்ளிக்கிழமை வீடியோவை அதில விடச் சொல்லுங்கோ. சனம் தேடி வரும்.

கோண்டாவில் ரீச்சர்

தம்பி, அந்தப் பிள்ளை கோட் போட்டுத்தான் வச்சிருந்தவன். செவ்வாய்க்கிழமை எனக்குத்தான் போன் எடுத்தவை, அதால எனக்குத் தெரியும்.

நீங்கள் ஒருக்கா லொகின் பண்ணினால், திரும்பத் திரும்பக் கேக்காமல் இருக்கிறதுக்கு பிறவுசர் ஒரு குக்கியை வச்சிருக்கும். சீசன் ரிக்கெற் மாதிரி. அதைக் களவெடுத்தவன் பஸ்ஸில ஏறினால் கொண்டக்ரர் காசு கேக்கமாட்டார். அந்த ஒப்பந்த ஃபைல் செய்ததும் அதுதான். குக்கியோட, பிறவுசரில சேமிச்சு வச்ச பாஸ்வேர்ட்டுகளையும் ஒரு நிமிசத்துக்குள்ள அள்ளிக்கொண்டு போயிடும். கோட் கேக்கிற வாசலுக்கு அவன் வரவேயில்லை.

இது கன காலமா நடக்குது. 2019 கடைசியில இருந்து யூரியூப் சனல்காரரைக் குறிவச்சு இப்பிடிக் குக்கி களவெடுக்கினம் எண்டு கூகுளின்ர ஆய்வுக் குழு 2021 ஒக்ரோபரில எழுதினது. 2023 மார்ச்சில கனடாவின்ர Linus Tech Tips சனலும் இப்பிடித்தான் போனது. விளம்பர ஒப்பந்தம் எண்டு வந்த ஃபைலை அங்க வேலை செய்யிற ஒருத்தர் திறந்தவர். கொம்பியூட்டரே தொழிலா வச்சிருக்கிற ஆக்கள் அவை.

ஸ்ரூடியோ அண்ணை, அந்த ஃபைலின்ர முழுப்பேரை எல்லாரும் பாக்கட்டும், ஒருக்காப் போடுங்கோ.

கொக்குவில் ஸ்ரூடியோ

ஓம் ரீச்சர். திரையில பி.டி.எஃப் படத்தோட "Album_Contract.pdf" எண்டுதான் தெரிஞ்சது. விண்டோஸ் கடைசி ஒட்டை மறைச்சுத்தான் காட்டும். View மெனுவில "File name extensions" ஐப் போட்டுப் பாத்தால் உண்மையான பேர் இது:

```
Album_Contract.pdf.scr
```

scr எண்டால் ஓடுற புரோகிராம். இன்னொண்டையும் நான் பிறகுதான் கவனிச்சன். சிப் ஒன்பது எம்.பி.தான், விரிச்சால் உள்ளுக்கு இருந்தது 700 எம்.பி.க்கு மேல. ரெண்டு பக்க ஒப்பந்தம் எங்கயாவது 700 எம்.பி. இருக்குமோ? உள்ளுக்கு வெறும் பூச்சியத்தால நிரப்பி வச்சிருக்கிறாங்கள். பெரிய ஃபைலை வைரஸ் பாக்கிற மென்பொருள் கனக்க இடத்தில சோதிக்காமல் விட்டிடும். சிப்புக்குப் பாஸ்வேர்ட் போட்டதும் அதே காரணத்துக்குத்தான், ஈமெயில்காரர் உள்ளுக்குப் பாக்கேலாது.

பருத்தித்துறை கமரா

என்ர சனலுக்கும் போன வருசம் இதே நடந்தது. கலியாண வீட்டு வீடியோ போட்டன், நாதஸ்வரம் வாசிச்ச இடம் முழுக்கச் சத்தமில்லாமல் போட்டுது. ஆரோ கொம்பனி உரிமை கேக்குதாம். எங்கட ஊர்க் கலைஞர் வாசிச்சதுக்கு அவையென்ன உரிமை கேக்கிறது? ஹாக் பண்ணினவன்தான் செய்திருப்பான் எண்டு நினைக்கிறன்.

கோண்டாவில் ரீச்சர்

அண்ணை, உங்கடது வேற கதை. அவர் வாசிச்ச சினிமாப் பாட்டின்ர மெட்டை யூரியூப்பின்ர இயந்திரம் பிடிச்சிருக்கும். உங்கட சனல் உங்கட கையிலதான் கிடக்கு. யூரியூப் ஸ்ரூடியோவுக்குள்ள போய் அந்த வீடியோவுக்கு மட்டும் மறுப்புக் குடுக்கலாம். இந்தப் பிள்ளைக்குப் படலையே திறக்கேல்லை.

கொக்குவில் ஸ்ரூடியோ

மீட்ட கதைக்கு வாறன்.

செவ்வாய்க்கிழமை காலமை முதல் செய்தது பிழை. ரொறன்ரோவில இருக்கிற மச்சான் "நீ விடு, இஞ்ச நெற் நல்லது, நான் எடுத்துத் தாறன்" எண்டு அங்கயிருந்து மூண்டு தரம் முயற்சி செய்தார். மூண்டும் சரிவரேல்லை. கூகுளுக்கு அவர் முன்பின் தெரியாத கொம்பியூட்டரில, தெரியாத நாட்டில நிண்டு கணக்குக் கேக்கிற ஆள். களவெடுத்தவனுக்கும் அவருக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது. நாங்களோ வைரஸ் கிடக்கிற ஸ்ரூடியோ கொம்பியூட்டரிலேயே இருந்து மாறி மாறிப் பாஸ்வேர்ட் அடிச்சுக்கொண்டிருந்தம்.

ரீச்சர் போனில சொன்னா: "அந்தக் கொம்பியூட்டரின்ர நெற்றைக் கழட்டுங்கோ. மச்சானை நிப்பாட்டச் சொல்லுங்கோ. பிள்ளை வழமையா லொகின் பண்ணுற போன் வீட்டில ஏதும் கிடக்கோ?"

கிடந்தது. தாய்க்குப் பாட்டுப் பாக்க எண்டு அவன்ர கணக்கைப் போட்டுக் குடுத்த பழைய போன். திரை வெடிச்சது, ஆனால் ரெண்டு வருசமா அதே வீட்டு வைஃபையில நிக்கிற போன். குசினி வாசலில இருந்துகொண்டு accounts.google.com/signin/recovery க்குப் போனம். ஞாபகத்தில இருந்த கடைசிப் பாஸ்வேர்ட்டைக் கேட்டது, குடுத்தான். பிறகு அவன்ர பழைய நம்பருக்குக் கோட் அனுப்பவோ எண்டு கேட்டது. கள்ளன் நம்பரை மாத்தினாலும், பழைய நம்பருக்குக் கோட் அனுப்பக் கூகுள் ஏழு நாள் வரைக்கும் இடம் விட்டு வைக்கிறது. அந்த ஏழு நாளைத் தெரியாமல் ஆர் ஆரிட்டயோ திரிஞ்சு விடுறவையை நினைக்க எனக்கு வயித்தெரிச்சலாக் கிடக்கு.

புதன் விடியக் கணக்கு கைக்கு வந்தது. தாயின்ர போனிலேயே பாஸ்வேர்ட்டை மாத்தி, மற்ற எல்லாக் கருவியையும் வெளியில தள்ளி, கள்ளன் போட்ட நம்பரையும் பூட்டையும் எடுத்தம். ரீச்சர் சொல்லி ஜிமெயிலின்ர வடிகட்டியையும் பாத்தம். கூகுளில இருந்து வாற எச்சரிக்கையெல்லாம் நேரா குப்பைக்குப் போற மாதிரி கள்ளன் ஒண்டு போட்டு வச்சிருந்தான். அதை எடுக்காமல் விட்டிருந்தால் திரும்பவும் ஏமாந்திருப்பம். ஸ்ரூடியோ கொம்பியூட்டரை முழுக்கத் துடைச்சு விண்டோஸைப் புதுசாப் போட்டன்.

பிரான்ஸ் அண்ணா

பொலிசுக்குப் போகேல்லையோ? இலங்கையில 2007 ஆம் ஆண்டு 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு.

கொக்குவில் ஸ்ரூடியோ

முறைப்பாடு குடுத்திருக்கிறம் அண்ணா. ஆளை இன்னும் தெரியாது.

கணக்கு வந்தாலும் சனல் வரேல்லை. ரெண்டும் வேற வேற. கள்ளன் விட்ட லைவுக்காக மூடின சனலுக்கு மேன்முறையீடு போடவேணும். போட்டம், எக்ஸ் தளத்தில @TeamYouTube க்கும் எழுதினம். பதில் வந்தது, காத்திருக்கச் சொல்லி.

சுன்னாகம் தம்பி சொன்ன புதுச் சனலை நாங்களும் யோசிச்சனாங்கள். ஆனால் மூடின சனல்காரர் வேற சனல் திறக்கிறதே விதிமீறல். மேன்முறையீடு கிடக்கேக்க அதைச் செய்தால் பழையதும் போகும் எண்டு பயந்து விட்டிட்டம்.

அல்பம் வெள்ளிக்கிழமையே வந்தது. பாட்டுகளை விநியோகத் தளத்துக்கு மூண்டு கிழமைக்கு முதலே ஏத்தியிருந்தம். அந்தத் தளம் யூரியூப்பில தானாகவே ஒரு ‘Topic’ சனலில பாட்டைப் போடும், அவன்ர சனல் அதுக்குத் தேவையில்லை. விநியோகத் தளத்தின்ர லொகின் என்ர ஈமெயிலில இருந்தது ஒரு அதிர்ஷ்டம். அவன்ர ஜிமெயிலில இருந்திருந்தால் கள்ளன் அங்கயும் பாஸ்வேர்ட்டை மாத்தியிருப்பான். வீடியோவை சனசமூக நிலையத்தில சுவரில வெள்ளை வேட்டி கட்டி, புரொஜெக்ரரில போட்டம். அறுபது பேர் வரையில வந்தவை. தாய் முன்வரிசையில இருந்தவா.

சுன்னாகம் வாசகன்

நான் தெரியாமல் எழுதிட்டன், மன்னிக்கோணும். சிநேகிதன்ர சனலில விட்டிருக்கலாமே? அது அவன்ரதானே.

கோண்டாவில் ரீச்சர்

எனக்கும் அது முழுக்கத் தெளிவில்லை தம்பி. வேற ஆளின்ர சனலைப் பாவிச்சுத் தடையைத் தாண்டுறதும் பிழை எண்டுதான் விதி வாசிக்குது. சிநேகிதன் தன்ர பாட்டுக்கு ஒரு பாட்டுப் போட்டால் அது அதுக்குள்ள வருமோ எண்டு ஆராவது அனுபவப்பட்டவை சொல்லட்டும். நான் அந்தப் பிள்ளைக்குத் துணிஞ்சு சொல்லேல்லை.

இனி ஸ்ரூடியோவுக்கு அவன்ர பாஸ்வேர்ட் வேண்டாம். யூரியூப் ஸ்ரூடியோவின்ர அனுமதிப் பக்கத்தில உங்கட ஈமெயிலை எடிற்றரா மட்டும் சேர்க்கட்டும். வீடியோ ஏத்தலாம், ஆனால் ஆக்களைச் சேர்க்கவோ சனலை அழிக்கவோ ஏலாது. உங்கட கொம்பியூட்டர் நாளைக்குப் பழுதானாலும் சனல் அவனிட்ட நிக்கும்.

கொக்குவில் ஸ்ரூடியோ

அப்பிடித்தான் மாத்தியாச்சு ரீச்சர்.

சனல் ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது. கள்ளன் எல்லா வீடியோவையும் மறைச்சு வச்சிருந்தான், 37ஐயும் ஒவ்வொண்டாத் திறந்து விட்டம். பாத்த கணக்கும் சனம் எழுதினதும் அப்பிடியே இருந்தது. ஆனால் ரெண்டு வீடியோவை அடியோட அழிச்சிட்டான். அதில ஒண்டு அப்பப்பா இணுவில் கோயில் வீதியில வாசிச்ச நாலு நிமிசம். மனுசன் இப்ப இல்லை. எடுத்த போனும் இல்லை. யூரியூப்புக்கு எழுதிக் கேட்டிருக்கிறம், இன்னும் பதில் இல்லை. அழிச்ச வீடியோ ஆருக்கும் திரும்பக் கிடைச்சிருக்கோ?

லண்டன் மாமி

அந்த நாலு நிமிசத்தை நான் பாத்தனான். சிவப்புக் கரை வேட்டி, பக்கத்தில ஒரு சின்னப் பெடியன் தாளம் போடுவான், அதுதானே? எங்கட குடும்ப வட்ஸ்அப்பில ஆரோ அனுப்பினவை. பழைய போன் அலுமாரிக்குள்ள கிடக்கு, சார்ஜரைத்தான் காணேல்லை. நாளைக்கு மகன் வருவான், அவனிட்டக் குடுத்துத் திறந்து பாக்கிறன்.