ஒன்பது வருடம் பேசாத அண்ணனிடம் மறுபடி போனது

கதிர்:
அப்பா விட்டுப்போன சேமிப்பைப் பிரித்தபோது எனக்கும் அண்ணனுக்கும் முறிந்தது. போன மாதம் நான்தான் முதலில் செய்தி அனுப்பினேன். ஒரு பக்கத்துக்கு நியாயம், கணக்கு எல்லாம் எழுதி வைத்திருந்தேன். மனைவி படித்துவிட்டு, “வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கு” என்றாள். அழித்துவிட்டு, “அண்ணே, உங்களைப் பார்க்கணும். பணம் பேச வரலை. முடிஞ்சப்போ சொல்லுங்க” என்று மட்டும் அனுப்பினேன். 11 நாள் பதில் இல்லை. இன்னொன்று அனுப்பக் கை துடித்தது, அடக்கிக்கொண்டேன். அப்புறம் “ஞாயிறு வா” என்று வந்தது.

அன்று பணப்பேச்சே இல்லை. அடுத்த முறை அவரே ஆரம்பித்தார். யார், யாருக்கு, எப்போது, எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஆளுக்கொரு தாளில் தனியாக எழுதினோம். யார் யாருக்குத் தரணும் என்பதை எழுதவே கூடாது என்று வைத்துக்கொண்டோம். 14 வரியில் 11 ஒத்துப்போனது! அம்மாவின் மருத்துவச் செலவை அவர் மூன்று வருடம் தனியாகக் கட்டியது எனக்குத் தெரியவே தெரியாது. தகராறெல்லாம் மிச்ச மூன்றில்தான். முக்கியமாக, அவர் தொழிலுக்கு அப்பா கொடுத்தது. அவர் நினைவில் அது சும்மா கொடுத்தது, என் நினைவில் கடன்.

தேன்மொழி:
எதையும் எழுதாதீங்க. எழுதினாலே கடனை ஒப்புக்கொண்ட மாதிரி.

மாணிக்கம்:
பாதி சரி. “நான் தரணும்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வம்புதான். இது வெறும் நடந்ததன் பட்டியல். ஆனாலும் வழக்கு நடக்கிறதென்றால் முதலில் வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

குடும்பத் தகராறு பலவற்றில் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் சந்திப்பு நன்றாகப் போன சந்தோஷத்தில் அங்கேயே ஒரு தொகைக்குத் தலையாட்டிவிடுவார்கள், அங்கேதான் கெடும். ஒருவர் அதைப் பாக்கி தீர்ந்தது என்று நினைப்பார், மற்றவர் முதல் தவணை என்று நினைப்பார். இன்னொன்று, வீட்டில் இருப்பவர். இத்தனை வருடம் புலம்பலைக் கேட்டவர் அவர், சமாதானம் பேசும்போது அவரை யாரும் கேட்பதில்லை. மறுநாள் பேச்சு மாறினால், “நேற்று வீட்டில் என்ன சொன்னார்கள்?” என்று கேட்டுப் பாருங்கள்.

ராணி:
என் தங்கை வாங்கிய பணத்தைத் திருப்பி வாங்க என்ன வழி? அவள் நன்றாகத்தான் பேசுகிறாள், கொடுக்கத்தான் மாட்டேன் என்கிறாள்.

மாணிக்கம்:
அம்மா, இங்கே பேசாமல் இருந்தவர்களைப் பற்றித்தான் பேச்சு. உங்களுக்குப் பேச்சு இருக்கிறது, பணம்தான் இல்லை!

கதிர்:
வீட்டில் இருப்பவர் என்று சொன்னது சுருக்கென்று பட்டது. அண்ணி இரண்டு முறையும் உள்ளே இருந்து வரவே இல்லை. நானும் கூப்பிடவில்லை. அந்த மூன்று வரி அப்படியே இருக்கிறது. வருகிற ஞாயிறு அண்ணன் எங்கள் வீட்டுக்கு வருகிறார், அண்ணி வருவாரா என்று இன்னும் சொல்லவில்லை.