புதுப்பிப்பு: பீரோ தெரிஞ்ச விசா போட்டோ
போன வாரம் நான் கேட்டது: "அமெரிக்க விசா DS-160க்கு எடுத்த போட்டோல பின்னாடி பீரோவும் கொடித்துணியும் தெரியுது, ஆப்ல அழிச்சு வெள்ளையாக்கி ஏத்தலாமா?"

ஏத்தல. ஸ்டூடியோ வச்சிருக்கற அண்ணன் ஒருத்தர் காதோரம் பெருசாக்கிப் பாருன்னாரு, பாத்தா சுருட்டைமுடி கத்தரிச்ச மாதிரி வழவழன்னு இருக்கு, ஒரு தோடு பாதியக் காணோம். இன்னொருத்தர் முகத்தத் தொடாம பின்னணிய மட்டும் மாத்தினா தப்பில்லன்னு அடிச்சுச் சொன்னாரு. விதியப் படிச்சா போட்டோவையே மாத்தக்கூடாதுன்னுதான் இருக்கு, வெட்டிச் சதுரமாக்கலாம், 600க்கு 600லருந்து 1200க்கு 1200 பிக்சலுக்குள்ள சுருக்கலாம், 240 கேபிக்குள்ள கொண்டுவரலாம், அவ்ளோதான். ஒரு அக்கா கண்ணாடி போடலாமான்னு கேட்டாங்க, நான் கேட்டது அதில்ல, ஆனா 2016 நவம்பர்லருந்து அதுவும் கூடாதுக்கா, கழட்டிட்டு எடுங்க.

அதனால திரும்ப எடுத்தேன். வெள்ளை பெட்ஷீட்ட இஸ்திரி போட்டு சுவத்துல இழுத்துக் கட்டி, ஒட்டி நிக்காம ரெண்டு மூணடி முன்னாடி வந்து ஜன்னலப் பாத்து நின்னேன், ஒட்டி நின்னப்ப கழுத்துக்குப் பின்னாடி விழுந்த நிழல் போயிடுச்சு. தம்பி ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு எடுத்தான், செல்ஃபின்னா மூக்கு பெருசாயிடும்.

ஷீட் கொஞ்சம் சந்தன நிறம் அடிக்குது. வெள்ளைக்குக் கிட்டத்தட்ட இருந்தா போதும்னு விதில இருக்கு, சைட்டும் ஏத்துக்கிச்சு. ஆனா சைட் ஏத்துக்கிட்டாலும் கடைசி முடிவு தூதரகத்துலதானாம், இன்டர்வியூ முடிஞ்சு வந்து சொல்றேன்.