ஞாயிறு ராத்திரி வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லலாமா? சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

துவாஸ் நைட் ஷிப்ட்

துவாஸில் ஒரு கப்பல் பட்டறைக்குள் சப்கான்ட்ராக்ட் கம்பெனியில் கிரைண்டிங் வேலை பார்க்கிறேன். ஒர்க் பெர்மிட், அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி. ராத்திரி 7 மணிக்கு ஏறினால் காலை 7 மணிக்கு இறக்கம். நடுவில் 12 மணிக்குச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். திங்கள் முதல் சனி வரை இதுதான்.

போன வாரம் சனி ராத்திரி ஷிப்டை முடித்து ஞாயிறு காலை லாரிக்காக நிற்கிறோம். சூப்பர்வைசர் வந்து, "இன்னைக்கு ராத்திரியும் எல்லாரும் வரணும், பிளாக் சீக்கிரம் பெயின்டிங்குக்குப் போகணும்" என்றார். கையில் ஒரு தாள் வைத்திருந்தார். "நானே விரும்பி ஓய்வு நாளில் வேலை கேட்கிறேன்" என்று இங்கிலீஷில் டைப் அடித்து, கீழே பெயரும் பெர்மிட் நம்பரும் எழுதக் கட்டம். கூட இருந்தவர்கள் லாரி பானட்டில் வைத்து வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். நான் உடம்பு முடியவில்லை, வரவில்லை என்று சொல்லிவிட்டேன். "அப்ப பெர்மிட் ரினியூவல் அப்போ பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் செய்தது சட்டப்படி சரிதானா? இதே மாதிரி நடந்தவர்கள் என்ன செய்தீர்கள்?

மன்னார்குடி மாப்ள

நூத்துக்கு நூறு சரி ப்ரோ. ஞாயிற்றுக்கிழமை லீவு சட்டப்படி கட்டாயம், அன்று யாரையும் வேலைக்குக் கூப்பிடவே கூடாது. அது மட்டும் இல்லை, நைட் ஷிப்டுக்கு டபுள் சம்பளம் தரணும், அதுவும் சட்டம். என் பழைய கம்பெனியில் நைட்டுக்குத் தனியாக 10 வெள்ளி கொடுத்தார்கள். உங்களுக்குத் தரவில்லை என்றால் மனிதவள அமைச்சான எம்ஓஎம்மில் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தேக்கா பெரியவர்

மாப்பிள்ளை சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. இதை நம்பி யாராவது கவுன்டரில் போய் நின்றால் அவமானப்பட்டுத் திரும்புவார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். ஞாயிறு மாலைகளில் தம்பிகளின் சம்பளச் சீட்டைப் பார்த்துக் கொடுப்பது என் வழக்கம்.

முதலில் நைட் அலவன்ஸ். ராத்திரி வேலைக்கு அதிகச் சம்பளம் தர வேண்டும் என்று சிங்கப்பூர் வேலைவாய்ப்புச் சட்டத்தில் எங்கும் இல்லை. அந்த 10 வெள்ளி கம்பெனியாகக் கொடுத்தது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் கேட்கலாம், இல்லாவிட்டால் கேட்க முடியாது.

அடுத்தது ஓய்வு நாள். வாரத்தில் ஒரு நாள் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அது ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை, வேறு நாளாகவும் முதலாளி குறிக்கலாம், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஷிப்ட் ஆளுக்கு ஓய்வு நாளாகத் தொடர்ந்து 30 மணி நேரம் கொடுக்கலாம். ஞாயிறு மாலை 6 மணிக்குள் தொடங்கிவிட்டால், திங்களுக்குள் நீண்டாலும் அந்த வாரத்து ஓய்வு நாளாகவே கணக்கு. தம்பி ஞாயிறு காலை 7 மணிக்கு இறங்குகிறார். அதோடு 30 மணி நேரம் கூட்டினால் திங்கள் மதியம் 1 மணி. ஞாயிறு ராத்திரி 7 மணிக்குத் திரும்ப ஏறச் சொன்னால் இடையில் இருப்பது 12 மணி நேரம்தான். அந்த வாரம் அவருக்கு ஓய்வு நாளே இல்லை.

ஓய்வு நாளில் வேலை செய்யச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்பது சட்டம். விலக்குகளும் உண்டு. விபத்து நடந்தாலோ நடக்கும் என்ற நிலை இருந்தாலோ, இயந்திரம் திடீரென்று பழுதானாலோ, யாரும் எதிர்பார்க்காத விதத்தில் வேலை தடைப்பட்டாலோ வரச் சொல்லலாம். வேலையின் தன்மையே ஷிப்ட் மாற்றி ஷிப்ட் நிற்காமல் ஓட வேண்டியது என்றாலும் அப்படித்தான். "பிளாக் பெயின்டிங்குக்குப் போகணும்" என்பது முன்பே போட்ட அட்டவணை. அதை எதிர்பாராத தடை என்று சொல்ல முடியாது.

இதில் என் வயிற்றைக் கலக்குவது அந்தத் தாள்தான். ஓய்வு நாள் வேலையை யார் கேட்டது என்பதை வைத்துத்தான் சம்பளமே மாறுகிறது. முதலாளி கேட்டு நீ பாதி நாளுக்கு மேல் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம். நீயே கேட்டு வாங்கிச் செய்தால் ஒரு நாள் சம்பளம்தான். ஓய்வு எடுக்க வேண்டிய ஆளை லாரியடியில் நிறுத்தி, அவர் கையாலேயே பாதிச் சம்பளத்தை எழுதி வாங்குகிறார்கள். கையெழுத்துப் போடாதது நல்ல காரியம் தம்பி.

ஜூரோங் கிரேன்

அண்ணே, ஒரு சந்தேகம். நிற்காமல் ஓடும் வேலைக்கு விலக்கு என்றீர்களே, பட்டறையில்தான் பகலும் ராத்திரியும் ஷிப்ட் ஓடுகிறதே. கம்பெனி அதைச் சொல்லித் தப்பிக்காதா?

தேக்கா பெரியவர்

சொல்லிப் பார்ப்பார்கள். சுத்திகரிப்பு ஆலையிலோ உலையிலோ பாதியில் கையை எடுக்க முடியாது, அதனால் அங்கே இந்த வாதம் எடுபடும். இவருடைய கிரைண்டிங் மற்ற வாரங்களில் ஞாயிறு ராத்திரி நின்றுதான் கிடக்கிறது. நிற்க முடிகிற வேலைதான் என்பதற்கு அதுவே சாட்சி என்பது என் எண்ணம். அதிகாரி எப்படிப் பார்ப்பார் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. விலக்கு பொருந்தினாலும் முதலாளி கேட்ட வேலைக்கு இரண்டு நாள் சம்பளம் கைவிட்டுப் போகாது, அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தம்பி, போன மாதச் சம்பளச் சீட்டில் ஞாயிறு வேலைக்கு என்ன போட்டிருக்கிறார்கள்? ஓவர்டைம், அதாவது ஓடி, எத்தனை மணி நேரம் காட்டுகிறது?

துவாஸ் நைட் ஷிப்ட்

போன மாதம் ஒரு ஞாயிறு போனேன் அண்ணே. அப்போது தாள் எதுவும் இல்லை, அவர்கள்தான் கூப்பிட்டார்கள். 11 மணி நேரத்தையும் ஓடியாகப் போட்டு 69.23 வெள்ளி கொடுத்தார்கள். ஒன்றரை மடங்கு தருகிறார்களே, சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன். மற்ற நாட்களில் 8 மணி போக 3 மணி ஓடி. வாரத்துக்கு 18 மணி காட்டுகிறது.

தேக்கா பெரியவர்

சரி, கணக்கைப் போடுவோம். 800 வெள்ளியைப் 12ஆல் பெருக்கினால் வருஷத்துக்கு 9,600. ஒரு மணி நேரத்துக்கு, 52 வாரத்தையும் 44 மணியையும் பெருக்கி அதனால் வகுக்க வேண்டும். 4.20 வரும். ஒன்றரை மடங்கு என்றால் 6.29. ஒரு நாள் சம்பளம் வேண்டுமானால் 9,600ஐ 312ஆல் வகுக்க வேண்டும், ஆறு நாள் வேலை என்பதால். அது 30.77.

ஞாயிறு 11 மணி நேரத்தில் முதல் 8 மணிக்கு இரண்டு நாள் சம்பளம், 61.54. மிச்சம் 3 மணிக்கு ஓடி, 18.88. மொத்தம் 80.42 வந்திருக்க வேண்டும், அதுவும் மாதச் சம்பளத்துக்கு மேலே. உனக்குக் கொடுத்தது 69.23. இப்போது நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் 49.65 மட்டும் கொடுத்துவிட்டு, தாளைக் காட்டியிருப்பார்கள்.

வார ஓடியிலும் குறைகிறது. சட்டம் நாளைக்கு 8 மணி என்று மட்டும் சொல்லவில்லை, வாரத்துக்கு 44 என்றும் சொல்கிறது. ஆறு நாளும் 8 மணி என்றால் 48 ஆகிவிடும். அந்த 4 மணியும் ஓடிதான். ஆக வாரத்துக்கு 22 மணி ஓடி வர வேண்டும், 18 காட்டியிருக்கிறார்கள். வாரா வாரம் 25 வெள்ளி கைவிட்டுப் போகிறது. நாலு வாரம் கூட்டினால் ஓடி 88 மணி, மாத வரம்பு 72. தனி அனுமதி வாங்காமல் அதைத் தாண்டி ஓட்டக் கூடாது. சாதாரணமாக நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேலும் கூடாது.

எஸ் பாஸ் இன்ஜினியர்

எனக்கும் இதே கணக்கா சார்? அடிப்படைச் சம்பளம் 3,600. சைட் இன்ஜினியர், டிராயிங்கும் ரிப்போர்ட்டும்தான் வேலை. 4,500 வரை இந்தச் சட்டம் பொருந்தும் என்று படித்தேன். ஞாயிறும் கூப்பிடுகிறார்கள்.

தேக்கா பெரியவர்

அந்த 4,500 உடலுழைப்பு வேலை செய்பவர்களுக்கு. மற்றவர்களுக்கு 2,600 வரைதான். வேலை நேரம், ஓய்வு நாள், ஓடி பற்றிய பகுதி உங்களுக்குப் பொருந்தாது, ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். பதவிப் பெயர் மட்டும் முடிவு செய்யாது. சூப்பர்வைசர் என்று போட்டிருந்தாலும், வேலை நேரத்தில் பாதிக்கு மேல் ஆட்களோடு சேர்ந்து கையால் வேலை செய்தால் உடலுழைப்புத் தொழிலாளிதான். நீங்கள் சொல்கிற வேலை அப்படித் தெரியவில்லை.

புக்கிட் தீமா அக்கா

நான் வீட்டு வேலை பார்க்கிறேன். எனக்கும் ராத்திரி குழந்தை எழுந்தால் வேலைதான், அதற்கு 12 மணி நேர வரம்பு உண்டா அண்ணா? ஞாயிறு வெளியே விடாமல் அன்றைக்குக் காசு கொடுத்துவிடுகிறார்கள்.

தேக்கா பெரியவர்

வீட்டு வேலைக்கு இந்தச் சட்டமே வராது தாயி, அது பெரிய குறை. மணி வரம்பு இல்லை. ஆனால் 2023 ஜனவரி முதல், மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது காசு கொடுத்து ஈடு செய்ய முடியாது, கட்டாயம் விட்டே ஆக வேண்டும். அதை வீட்டம்மாவிடம் கேளுங்கள்.

செம்பவாங் பைப்ஃபிட்டர்

மறுக்கலாம் என்று எழுதுவது சுலபம். நான் மறுத்தேன். பெர்மிட்டைப் புதுப்பிக்கவில்லை. காரணம் ஞாயிறு என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை, "ஆள் தேவையில்லை" என்றார்கள். முகவருக்குக் கொடுத்த கடன் ஊரில் அப்படியே நின்றது. டைம் கார்டை மாதா மாதம் போட்டோ எடுத்து வைத்திருந்ததால் சம்பளத் தகராறுக்குச் சமரசம் பேசும் டாடெமில் ஓடி பாக்கியைக் கேட்டேன். சமரசப் பேச்சில் பெரும்பகுதி கிடைத்தது. பணம் வந்தது, வேலை வரவில்லை. தம்பிகளுக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள் பெரியவரே.

தேக்கா பெரியவர்

நீங்கள் சொல்வது உண்மை. ஓய்வு நாளில் வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை இருக்கிறது, ஆனால் நோட்டீஸ் கொடுத்து ஆளை அனுப்பும் உரிமை முதலாளிக்கும் இருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று நிரூபிப்பது கடினம். அதனால்தான் கையெழுத்துப் போடாமல் இருப்பதை முதலில் வைக்கிறேன். கடன் நெருக்கி வேலைக்குப் போக வேண்டிய நிலை என்றால் போங்கள், "கம்பெனி கூப்பிட்டதால் வருகிறேன்" என்று சூப்பர்வைசருக்கு வாட்ஸாப்பில் ஒரு வரி போட்டுவிட்டுப் போங்கள். பாக்கி கேட்க ஒரு வருஷம் வரை நேரம் உண்டு, வேலையை விட்டு நின்றுவிட்டால் ஆறு மாதத்துக்குள்.

மன்னார்குடி மாப்ள

நைட் அலவன்ஸ் விஷயம் இப்போது புரிந்தது, நன்றி அண்ணே. ஆனால் ஒன்று. எங்களுக்கு 7 மணி வேலைக்கு 6:30க்கே டூல்பாக்ஸ் மீட்டிங். அதற்கும் முன்னால் லாரிக்கு 5 மணிக்கு நிற்கணும். இதெல்லாம் வேலை நேரத்தில் வராதா?

தேக்கா பெரியவர்

டூல்பாக்ஸ் வரும். முதலாளியின் ஏவலில் நிற்கிற நேரம், உன் இஷ்டத்துக்கு நகர முடியாத நேரம்தான் வேலை நேரம். மீட்டிங்கில் அப்படித்தானே நிற்கிறாய்? டைம் கார்டில் 6:30 என்று எழுதச் சொல்லிக் கேள்.

செம்பவாங் பைப்ஃபிட்டர்

அப்படிப் பார்த்தால் லாரியும்தானே? கம்பெனி லாரியை விட்டு வேறு வண்டியில் வர வழியே இல்லாத இடம் எங்கள் டார்மிட்டரி. என் கேஸில் லாரி நேரத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

தேக்கா பெரியவர்

பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. லாரி நேரத்துக்கும் சேர்த்துப் பணம் வாங்கியவர் யாராவது இருந்தால், என்ன காகிதம் காட்டினீர்கள் என்று எழுதுங்கள்.