வீட்டுப்பாடத்தைப் படம் பிடித்துச் சரிபார்ப்பது: அனுமதிக்கலாமா, தடுக்கலாமா?

எட்டாம் வகுப்பு மாணவனின் தாய், திருப்பூர்

என் மகன் கணக்கு வீட்டுப்பாடத்தைச் செல்பேசியில் படம் பிடித்து விடை சரியா என்று பார்க்கிறான். வேலை முடிந்து நான் வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகிவிடுகிறது. எனக்கு இயற்கணிதம் தெரியாது. வீட்டுப்பாடம் முழுவதும் சரியாக இருக்கிறது, ஆனால் வகுப்புத் தேர்வில் 25க்கு 9 வாங்கி வந்திருக்கிறான். அவன் சரிபார்க்கிறானா, பார்த்து எழுதுகிறானா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், கும்பகோணம்

கண்டுபிடிக்க என்ன இருக்கிறது அம்மா? 9 மதிப்பெண்ணே சொல்லிவிட்டதே. செல்பேசியை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். என் பேரனுக்கு அப்படித்தான் செய்தேன். ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், பிறகு தானாக உட்கார்ந்து போட ஆரம்பித்துவிட்டான். விடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது எந்தப் பிள்ளை மூளையைக் கசக்கும்?

மென்பொருள் துறையில் இருக்கும் தந்தை, சென்னை

ஐயா சொல்வதை ஏற்க முடியவில்லை. போட்டோமேத் போன்ற செயலிகள் விடையை மட்டும் தருவதில்லை, ஒவ்வொரு படியையும் விரித்துக் காட்டுகின்றன. டியூஷன் ஆசிரியர் செய்வதும் அதுதானே? விடையைப் பார்க்காதே, படிகளைப் படி என்று சொல்லிவிட்டால் போதும். என் மகளுக்கு அது நன்றாகவே உதவியது.

கணக்கு ஆசிரியை, தஞ்சாவூர்

சென்னை நண்பர் சொல்வதில் பாதி சரி. புதிய வகைக் கணக்கை முதன்முதலாகக் கற்கும்போது, போட்டுக்காட்டிய கணக்கைப் படிகளோடு படிப்பது பயன் தரும். ஆனால் அது கற்பது, சரிபார்ப்பது அல்ல. பிள்ளை தன் படிகளை எழுதாமல் செயலியின் படிகளைப் படித்தால், எல்லாம் புரிந்தது போலவே இருக்கும். தேர்வில் வெள்ளைத் தாள் முன் உட்காரும்போதுதான் எந்தப் படியில் தடுமாறுவோம் என்பது தெரியவரும்.

சகோதரி, உங்களுக்கு இயற்கணிதம் தேவையில்லை. எட்டாம் வகுப்பில் வரும் ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்:

`3(x − 4) − 2(x − 5) = 7`

என் மாணவி ஒருத்தி இதற்கு 29 என்று விடை எழுதியிருந்தாள். செல்பேசியைத் தொடுவதற்கு முன் அந்த 29ஐக் கணக்கிலேயே வைத்துப் பார்க்கச் சொன்னேன். 29இல் 4 போனால் 25, மூன்று மடங்கு 75. 29இல் 5 போனால் 24, இரு மடங்கு 48. 75இல் 48 போனால் 27. வர வேண்டியது 7. ஆக, விடை தவறு என்பது வெறும் கழித்தல் பெருக்கலிலேயே தெரிந்துவிட்டது.

தவறு என்று தெரிந்த பிறகுதான் படம். அப்போதும் கடைசி வரிக்குப் போகக் கூடாது. ஒரு காகிதத்தால் திரையை மறைத்து ஒவ்வொரு வரியாக இறக்கி, தன் நோட்டின் வரியோடு ஒப்பிட வேண்டும். எந்த வரி முதலில் மாறுகிறதோ அதைச் சுற்றி வட்டம் போட்டு, செல்பேசியை மூடிவிட வேண்டும். அவளுக்கு முதல் வரியே மாறியது. அவள் `3x − 12 − 2x − 10 = 7` என்று எழுதியிருந்தாள். வர வேண்டியது `+ 10`. அடைப்புக்குறிக்கு முன்னிருந்த கழித்தல் குறியை உள்ளே கடைசி எண் வரைக்கும் கொண்டுபோகவில்லை. அங்கிருந்து தானே மறுபடி போட்டு 9 என்று கொண்டுவந்தாள். மறுநாள் எண்களை மாற்றி அதே வகையில் ஒரு கணக்கைச் செல்பேசி இல்லாமல் போடச் சொன்னேன்.

சில சமயம் செயலி வேறு வரிசையில் போட்டிருக்கும். அப்போது வரிகள் மாறியிருப்பதாலேயே பிள்ளையின் வழி தவறாகிவிடாது. விடையை வைத்துப் பார்த்துச் சரியாக வந்தால் அவன் வழியும் சரிதான்.

இரு குழந்தைகளின் தாய், மதுரை

எங்கள் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் இதே தொல்லைதான். யாராவது ஒருவர் முடித்த நோட்டைப் படம் பிடித்துப் போட்டுவிடுகிறார், மற்ற பிள்ளைகள் அப்படியே எழுதிவிடுகிறார்கள். ஒரே தவறு பன்னிரண்டு நோட்டுகளில் இருந்ததாக ஆசிரியர் கூப்பிட்டுச் சொன்னார். குழுவை மூடச் சொல்வது சரியா?

கணக்கு ஆசிரியை, தஞ்சாவூர்

சகோதரி, இங்கே கேட்டது செயலியைப் பற்றி. உங்கள் குழுவில் முடித்த நோட்டுக்குப் பதிலாக வினாப் பக்கத்தை மட்டும் அனுப்பலாம் என்று பேசி முடிவெடுங்கள். வராத பிள்ளைக்குத் தேவைப்படுவது அதுதானே.

எட்டாம் வகுப்பு மாணவனின் தாய், திருப்பூர்

நேற்று இரவு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஆசிரியை சொன்ன அதே கணக்கு அதில் இருந்தது. விடை 3 என்று எழுதியிருந்தான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அதன் அடியில் ரப்பரால் அழித்த 9 தெரிகிறது. 9ஐ நானே வைத்துப் பார்த்தேன். 15இல் 8 போனால் 7. சரியாக வந்தது! பிறகு எதற்காக அழித்தாய் என்று கேட்டேன். "செல்பேசியில் 3 என்று வந்தது அம்மா" என்றான்.

கணக்கு ஆசிரியை, தஞ்சாவூர்

அவன் நோட்டுப் பக்கத்தைப் படம் பிடித்திருப்பான். அவன் எழுதும் 7 கிட்டத்தட்ட 1 போல இருக்கிறதா என்று பாருங்கள். வலப்பக்கம் 1 இருந்தால் விடை 3தான் வரும். செயலி தான் படித்த கணக்கைப் போட்டுக் கொடுத்திருக்கிறது, அது உங்கள் மகனின் கணக்கு அல்ல. செயலி எப்படிப் படித்திருக்கிறது என்பதைத் திரையிலேயே காட்டும். விடைக்கு முன் அந்த வரியைப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். நிழல் விழுந்தால் கழித்தல் குறி காணாமல் போகும், x பெருக்கல் குறியாகிவிடும். கையெழுத்தை விட அச்சிட்ட பக்கம் நல்லது, அதிலும் ஒரே ஒரு கணக்கு மட்டும் சட்டத்துக்குள் விழ வேண்டும்.

உங்கள் கேள்விக்கும் இதிலேயே ஒரு தடயம் இருக்கிறது. இந்தக் கணக்கை அவன் தானாகப் போட்டிருக்கிறான், தன் மேல் நம்பிக்கை இல்லாமல்தான் அழித்திருக்கிறான்.

மென்பொருள் துறையில் இருக்கும் தந்தை, சென்னை

அப்படியானால் வைத்துப் பார்ப்பதே போதுமே, படம் எதற்கு?

கணக்கு ஆசிரியை, தஞ்சாவூர்

வைத்துப் பார்ப்பது தவறு இருக்கிறது என்று சொல்லும், எந்த வரியில் என்று சொல்லாது. வாக்கியக் கணக்கில் அதுவே ஏமாற்றவும் கூடும். தந்தையின் வயது மகனின் வயதைப் போல் 3 மடங்கு, 12 ஆண்டுகளுக்குப் பின் 2 மடங்கு என்று ஒரு கணக்கு. ஒரு மாணவன் `3x = 2(x + 12)` என்று எழுதி, மகனுக்கு 24, தந்தைக்கு 72 என்றான். அவனுடைய சமன்பாட்டில் வைத்தால் இரு பக்கமும் 72. ஆனால் வினாவின் சொற்களில் வைத்துப் பாருங்கள். 12 ஆண்டு கழித்து மகனுக்கு 36, தந்தைக்கு 84. இரு மடங்கு இல்லை. தந்தைக்கும் 12 கூட்ட மறந்துவிட்டான். சரியான விடை 12, 36.

ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், கும்பகோணம்

ஆசிரியை அம்மா, நீங்கள் பக்கத்தில் நின்று காகிதம் வைத்து மறைக்கிறீர்கள். அந்தத் தாய் வீடு திரும்புவது எட்டு மணிக்கு. ஐந்து முதல் எட்டு வரை காகிதத்தை யார் பிடிப்பது? இதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. நான் சொன்ன பூட்டு இன்னும் சரி என்றே படுகிறது.

எட்டாம் வகுப்பு மாணவனின் தாய், திருப்பூர்

ஐயா, அந்த மூன்று மணி நேரம் செல்பேசி என்னோடு வேலைக்கு வந்துவிடும். அவன் பேனாவால் எழுதி வைக்கட்டும், வந்த பிறகு சேர்ந்து பார்க்கிறோம். ரப்பரையும் எடுத்துவிட்டேன், தவறான வரியை ஒரே கோட்டால் அடித்துவிட்டுக் கீழே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இரு குழந்தைகளின் தாய், மதுரை

எங்கள் பள்ளியில் அடித்தல் இருந்தால் நோட்டுக்கு மதிப்பெண் குறைப்பார்கள். முதலில் உங்கள் பள்ளியில் கேட்டுவிடுங்கள்.

கணக்கு ஆசிரியை, தஞ்சாவூர்

அப்படிக் குறைப்பதை நான் ஏற்கவில்லை. அந்த அடித்த வரியில்தான் பிள்ளைக்கு எது புரியவில்லை என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் பள்ளி விதி அதுவானால், வீட்டில் தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.